மூலையில் நின்றுபோன பட்டை

ராயபுரத்தில் எங்கள் வீடு இருக்கும் தெருவில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இடைவெளியே கிடையாது. எங்கள் இடது சுவர்தான் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வலது சுவர். அவர்கள் வீட்டுத் தேக்குச் சட்டங்களும் எங்கள் வீட்டுச் சட்டங்களும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. 14 அடி அகலம், உள்ளே நீளமாகப் போகும் வீடு, மேலே தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

முன்னறையின் இடது மூலையில் ஒரு விரிசல் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது அதில் சிமெண்ட்டைத் திணித்து அடைப்பார்கள், அடுத்த பொங்கலுக்குள் அது திரும்பத் தலை காட்டும். 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு எதிரே கடலுக்கடியில் 5.5 அளவில் நிலநடுக்கம் வந்ததே, அன்றைக்குப் பரணில் இருந்த பித்தளை அண்டா கடகடவென்று ஆடியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அம்மா எங்களை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி, அந்த முன்சுவருக்கு நேர் கீழேதான் நின்றார். ஓடி வந்து நிற்கக் கூடாத இடம் அதுதான் என்று இருபது வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மறு வருடமே, 2002இல், நிலநடுக்க வரைபடத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. நாங்கள் வழக்கம்போல விரிசலை அடைத்துக்கொண்டிருந்தோம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், போன வருடம் அந்த வீட்டுச் சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கக் கம்பிவலைப் பட்டை போட்டதும், அந்த வேலையின் நடுவில் ஒரு பரணுக்காக நான் போட்ட சண்டையும்தான். பழைய வீட்டை “ஸ்ட்ராங்” பண்ணுவது என்றால் சுவரைப் பருமனாக்குவது என்று நானும் நினைத்திருந்தேன். இன்றைக்கும் நிறைய பேர் அப்படி நினைத்துக் காசைக் கொட்டுகிறார்கள். அதனால்தான் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

விரிசல் சொன்ன கதை

முதலில் வந்த ஒப்பந்தக்காரர் விரிசலைப் பார்த்து இரண்டே வழிதான் என்றார். ஒன்று, மொத்தமாக இடித்துவிட்டுக் கட்ட வேண்டும். இல்லையென்றால் முன்சுவருக்கு வெளிப்பக்கம் கம்பி வலை அடித்து இரண்டு அங்குலம் கான்கிரீட் போட வேண்டும், அதாவது ஜாக்கெட்டிங். “சட்டை போட்ட மாதிரி புடிச்சிக்கும் சார்” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நல்லவேளையாக, ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் எங்கள் சித்தப்பாவுக்குத் தெரிந்தவராக இருந்தார். அவர் வந்து பார்த்துவிட்டு உடனே எதையும் சொல்லவில்லை. விரிசல் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று மட்டும் அளந்தார். கூரைக்குக் கீழே எட்டு மில்லிமீட்டர் இருந்தது, இடுப்பு உயரத்தில் மயிரிழைதான். சுவரின் மேல்பாகம் வெளியே போகிறது, கீழ்பாகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். அடித்தளம் இறங்கியிருந்தால் விரிசல் வேறு மாதிரி, பெரும்பாலும் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு படிக்கட்டாகச் சாய்வாக ஓடியிருக்கும், அப்படி இருந்தால் பட்டை போட்டுப் பிரயோஜனமே இல்லை, முதலில் தரைக்குக் கீழே பார்க்க வேண்டும் என்றார்.

அப்புறம் மொட்டை மாடியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கினார். 12 அடி உயரத்தில் முன்சுவர் தெருப் பக்கம் ஒன்றேகால் அங்குலம் சாய்ந்திருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பொறியாளர் சார் காகிதத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டினார்: சுவர் ஒன்பது அங்குலப் பருமன், அதன் சொந்தப் பாரம் இன்னும் அடிப்பகுதியின் நடு மூன்று அங்குலத்துக்குள்தான் இறங்குகிறது, ஆகவே நிற்கிறது. அந்த நடுப்பகுதியைத் தாண்டிவிட்டால் எந்தப் பட்டையும் வேண்டாம், அந்தச் சுவரை மட்டும் இறக்கிவிட்டுத் திரும்பக் கட்டுவதுதான் ஒழுங்கு என்று சொன்னார்.

விரிசலுக்குக் குறுக்கே இரண்டு இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரு முனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, மேலே தேதி எழுதிவிட்டுப் போனார். அப்போது செப்டம்பர் கடைசி. நவம்பர் மழை முடிவதற்குள் மேலே இருந்த கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. விரிசல் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிதான சாட்சி கிடையாது, செலவும் ஐம்பது ரூபாய்கூட ஆகாது.

காரணத்தைக் கண்டுபிடிக்க மூலையில் ஓர் அடி அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்தோம். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பக்கச் சுவரில் இருப்பது பழைய காலத்து மெல்லிய செங்கல், சுண்ணாம்புச் சாந்து, சாவியால் கீறினாலே மாவாகக் கொட்டுகிறது. முன்சுவரில் இருப்பது பெரிய செங்கல். இரண்டுக்கும் நடுவில் மேலிருந்து கீழ் வரை கத்தியால் வெட்டியது போல ஒரே நேர்கோடு. ஒரு செங்கல்கூட இதிலிருந்து அதற்குள் போகவில்லை. தாத்தா 1962இல் திண்ணையை எடுத்துவிட்டு முன்சுவரைத் தெரு வரை தள்ளிக் கட்டினார் என்பது எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லும் கதை. அப்போது கட்டிய கொத்தனார் பக்கச் சுவரில் பல் விட்டுப் பிணைக்காமல், சும்மா ஒட்டி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

இன்னொரு விஷயம். எங்கள் தெரு வீடுகளில் தேக்குச் சட்டங்கள் இந்தப் பொதுச்சுவரிலிருந்து அந்தப் பொதுச்சுவருக்குக் குறுக்காகப் போகின்றன. கூரையின் பாரம் முழுக்கப் பக்கச் சுவர்களுக்குத்தான். முன்சுவரின் மேல் ஒரு சட்டம்கூட உட்காரவில்லை. பாரம் இல்லை என்றால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பாரம் இல்லாத சுவரைத் தலையில் பிடித்துக்கொள்ளவும் யாரும் இல்லை. பக்கத்தில் பிணைப்பு இல்லை, மேலே பிடிப்பு இல்லை, அதன் தலையில் இரண்டரை அடிக் கைப்பிடிச் சுவர் வேறு. கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மெதுவாக அதிர்ந்து, மழை வந்தால் ஊறி, காய்ந்து, அறுபது வருடமாக அது தனியாக நின்றிருக்கிறது. நிலம் ஆடினால் முதலில் தெருவில் விழப்போவது அதுதான், அதன் கீழேதான் 2001இல் நாங்கள் நின்றோம்.

பருமனா, பிணைப்பா

வெளிப்பக்க ஜாக்கெட்டிங் ஏன் வேண்டாம் என்பது இதற்கப்புறம் எனக்கே புரிந்தது. அது முன்சுவரைத்தான் பருமனாக்கும், பக்கச் சுவரோடு கட்டிப் போடாது. ஒன்பது அங்குலச் சுவர் விழுவதற்குப் பதிலாகப் பதினோரு அங்குலச் சுவர் விழும். இரண்டு பக்கமும் 40 மில்லிமீட்டர் போட்டால் கதவு ஜன்னல் போக மீதிச் சுவருக்கு ஏறக்குறைய இரண்டு டன் பாரம் கூடுகிறது, நிலம் ஆடும்போது அந்தப் பாரமும் சேர்ந்துதான் தள்ளும். ஒரு பக்கம் மட்டும் போட்டு, சுவரைத் துளைத்துக் கம்பி விடாமல் விட்டால், அது சில வருடத்தில் தோல் உரிவது போலத் தனியாகப் பிரியும். தட்டிப் பார்த்தால் ‘டொப் டொப்’ என்று பொள்ளல் சத்தம் வரும். சுவரே மாவாகிப் போன இடத்தில், அல்லது கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒல்லியாக நிற்கும் தூணுக்கு, முழு ஜாக்கெட்டிங் சரியான வைத்தியம். எங்கள் நோய் அது இல்லை.

சார் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். முன்னறையைச் சுற்றி இரண்டு மட்டத்தில் பட்டை: ஒன்று கதவு ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டலுக்குச் சற்று மேலே, இன்னொன்று கூரைச் சட்டத்துக்குக் கீழே. பட்டை என்றதும் எங்கள் மேஸ்திரி பீப்பாய்க்கு அடிக்கும் இரும்பு வளையத்தை நினைத்துக்கொண்டார். இது அது இல்லை. பத்து அங்குல அகலத்துக்கு வெட்டிய துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ், மூன்று மில்லிமீட்டர் சொச்சம் கம்பி, அது சாந்துக்குள் புதைந்து சுவரோடு சுவராக ஓடும். இதோடு கூரைக்குக் கீழே இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டி, முன்சுவரிலிருந்து நடுச்சுவர் வரைக்கும் 16 மில்லிமீட்டர் இழுவைக் கம்பி ஒவ்வொன்று. நடுச்சுவர் பழையது, பக்கச் சுவரோடு பல் விட்டுக் கட்டியது, அதையும் பூச்சை எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். கம்பியின் இரு முனையிலும் எட்டு அங்குலச் சதுரத் தகடு.

பட்டை போடும் முறையில் அவசரப்பட இடமே இல்லை. அந்த அகலத்துக்குப் பூச்சை எடுத்து, செங்கல் இடுக்குகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, கம்பி பிரஷால் தேய்த்து, தண்ணீர் அடித்து ஊற வைத்து, சிமெண்ட் பால் பூசி, அதன் மேல் ஒன்றுக்கு மூன்று கலவையில் அரை அங்குலம் முதல் கோட். அது பச்சையாக இருக்கும்போதே மெஷ்ஷை வைத்து ஆறு அங்குல ஆணியால் அடிக்கு ஒன்றாக அடித்து, மேல் கோட் போட்டு மூட வேண்டும். மெஷ் வெறும் செங்கல்லைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் அதற்குப் பின்னால் சாந்து போகாது, கடற்காற்றில் உப்பு ஏறித் துரு பிடிக்கும், துரு பருத்துப் பட்டையையே வெடித்துத் தள்ளிவிடும். ஒரு மெஷ் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஓர் அடி ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். பழைய சுண்ணாம்புச் சாந்தில் ஆணி அவ்வளவாகப் பிடிக்காது என்பதால், மூன்றடிக்கு ஒரு இடத்தில் முன்சுவரை முழுக்கத் துளைத்து 8 மில்லிமீட்டர் கம்பியை விட்டு, இரு பக்கமும் மடக்கி மெஷ்ஷில் கட்டி, துளையை சுருங்காத சிமெண்ட் கலவையால் அடைத்தோம்.

அந்தத் துளைக் கம்பிகள்தான் எங்கள் மாதிரி ஒட்டு வீடுகளுக்கு உயிர். தனி வீட்டில் வெளிப்பட்டை நாலு மூலையும் திரும்பி வந்து தன் வாலைத் தானே பிடிக்கும். எங்கள் வீட்டில் வெளிப்பட்டை 14 அடி ஓடி அக்கா வீட்டுச் சுவரில் முட்டி நின்றுவிடும், திரும்ப மூலையே கிடையாது. உள்பட்டை மட்டும்தான் மூலையில் திரும்பிப் பக்கச் சுவருக்குள் போகிறது. வெளிப்பட்டையை உள்பட்டையோடு கட்டிப் போடுவது அந்தக் கம்பிகள்தான்.

பரண்

மூன்றாம் நாள் வேலை முடிந்து நான் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தபோது லிண்டல் மட்டத்து உள்பட்டை அழகாகப் போயிருந்தது. வலது மூலையில் வலை ஒரே துண்டாக மடங்கித் திரும்பியிருந்தது. இடது மூலையில் பரண். முன்சுவரில் தொடங்கி இடது சுவரை ஒட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், சுவருக்குள் கொத்திச் சொருகிப் போட்ட கான்கிரீட் பலகை. பட்டை வரவேண்டிய அதே மட்டம். முன்சுவரில் வந்த பட்டை பரணில் முட்டி, மூலைக்கு இரண்டடி முன்னால் நின்றிருந்தது. பக்கச் சுவரில் பரண் முடிந்த இடத்தில் திரும்பத் தொடங்கியிருந்தது. நடுவில், விரிசல் இருக்கும் மூலையில், ஒன்றும் இல்லை.

“இன்னாத்துக்கு தம்பி பரணை ஒடைக்கணும்? அதுவே கான்கிரீட்டு, அதுவே புடிச்சிக்கும். மேல ஒரு பட்டை போவுது, கம்பி போவுது, போதும்” என்றார் மேஸ்திரி. அவர் கெட்டவர் இல்லை, முப்பது வருடம் வேலை பார்த்தவர், எங்கள் செலவைக் குறைக்கத்தான் சொன்னார். அம்மாவும் அவர் பக்கம்தான். அந்தப் பரணில்தான் பாட்டியின் அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டி எல்லாம் இருக்கின்றன. “ரெண்டடிதானேடா” என்றார்.

ரெண்டடிதானே என்று எனக்கும் தோன்றியது என்பதுதான் உண்மை. இரவு தூக்கம் வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பரணின் விளிம்பில் பார்த்தேன். பலகை பக்கச் சுவருக்குள் மூன்று அங்குலம் போயிருக்கிறது. முன்சுவர்ப் பக்கம் சும்மா முட்டிக்கொண்டு நிற்கிறது, அதற்கும் சுவருக்கும் நடுவில் அந்தப் பழைய விரிசல் அப்படியே கறுப்பாக ஓடுகிறது. பரணும் அந்த மூலையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அங்கே விரிசல் எப்படி வந்திருக்கும்? பட்டை போடுவதே இரண்டு சுவரும் மூலையில் ஒன்றையொன்று விடாமல் இருக்கத்தான். மூலையில் நின்றுபோன பட்டை இரண்டு தனித்தனிச் சுவரில் ஒட்டிய இரண்டு தனித்தனி வலை, அவ்வளவுதான். மற்ற 40 அடியும் எவ்வளவு சுத்தமாகப் போட்டிருந்தாலும், கயிறு அறுந்த இடத்தில்தான் வாளி கிணற்றுக்குள் போகும்.

காலையில் சாருக்கு போன் செய்தேன். “மேல் பட்டையும் கம்பியும் சுவரோட தலையைப் பிடிக்கும். அந்த ஜன்னல் மூலையிலேர்ந்து ரெண்டடிலதானே இருக்கு? ஜன்னலுக்குப் பக்கத்துல நிக்கிற அந்த ஒல்லித் துண்டைக் கீழ்ப்பட்டைதான் பிடிக்கணும். பரணை எடுத்துடுங்க” என்றார். ஜன்னலையும் மூலையையும் அப்போதுதான் சேர்த்து யோசித்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தானே ஸ்டூலைப் போட்டு ஏறி அண்டாவை இறக்கினார். பரணை அறுத்து எடுக்க ஒரு முழு நாள் ஆயிற்று, ஏனென்றால் சுத்தியால் ஓங்கி அடித்தால் சுண்ணாம்புச் சுவர் உதிர்ந்துவிடும், கட்டர் வைத்துத் துண்டு துண்டாக வெட்டினார்கள். பலகை இருந்த பள்ளத்தைச் செங்கல் வைத்து அடைத்து, போட்டிருந்த பட்டையின் முனையை இரு பக்கமும் ஓர் அடிக்குக் கொத்தி மெஷ்ஷை வெளியே எடுத்து, புது மெஷ்ஷை அதன் மேல் ஏற்றி, மூலையில் மடக்கிக் கொண்டுபோனோம். மடக்கிய இடத்தில் மேஸ்திரி தன் கையால் அழுத்தி அழுத்திச் சாந்து வைத்தார். மறுநாளிலிருந்து கோணி கட்டி 14 நாள் அம்மாதான் தண்ணீர் விட்டார்.

முடுக்கிய அன்று

இழுவைக் கம்பியை முடுக்கும் நாளில் தெருவே வந்து பார்த்தது. சாய்ந்த சுவரை நிமிர்த்தப் போகிறோம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நிமிராது. விரிசலுக்குள் அறுபது வருடத் தூசியும் சிமெண்ட்டும் அடைத்துக் கிடக்கிறது, இழுத்தால் ஏதாவது உடையும், சுவர் நேராகாது. கம்பி மூன்று டன் வரை தாங்கும், ஆனால் தகட்டுக்குக் கீழே இருக்கும் பழைய செங்கல் அதைத் தாங்காமல் நொறுங்கும். ஆகவே கையால் ஸ்பானர் போட்டு, கம்பியின் தொய்வு போய், தட்டினால் மந்தமாக இல்லாமல் ‘ணங்’ என்று சத்தம் வரும் வரைக்கும்தான். இனிமேல் வெளியே சாயாதே என்று பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. கம்பியைச் சாந்துக்குள் மறைக்கவில்லை, பெயிண்ட் அடித்து வெளியே தெரியும்படி விட்டிருக்கிறோம், துரு பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா. கைப்பிடிச் சுவரை ஓர் அடியாகக் குறைத்து, மீதிக்குக் குழாய்க் கம்பி வைத்துவிட்டோம். சுவரின் கீழே மூன்றடி உயரத்துக்கு முன்பு யாரோ பூசியிருந்த சிமெண்ட்டை உரித்தால் உள்ளே செங்கல் உப்பில் பொரிந்து போயிருந்தது. அந்தச் செங்கல்லை இரண்டிரண்டடியாக, ஒன்று விட்டு ஒன்று மாற்றி, சுண்ணாம்பே பூசினோம், ஈரம் வெளியே போவதற்கு.

மொத்தச் செலவு இடித்துக் கட்டுவதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பொதுச்சுவர்களில் பட்டை எங்கள் பக்கம் மட்டும்தான். அந்தப் பக்கமும் போட்டுத் துளைக் கம்பியால் இணைத்தால்தான் அந்தச் சுவருக்கு முழுப் பலம் வரும், அது அக்கா வீட்டு முன்னறை. கேட்கச் சங்கடமாக இருந்ததால் கேட்கவில்லை.

புதுக் கண்ணாடித் துண்டு ஒட்டி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது, உடையவில்லை. அண்டா இப்போது சமையலறைத் தரையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் அக்கா வந்து, “தம்பி, எங்க வூட்டு மூலைலயும் அந்த மாதிரி கீறல் இருக்குது, வந்து பாரேன்” என்றார். போய்ப் பார்த்தேன். மேலே அகலம், கீழே மயிரிழை. அவர்கள் தாத்தாவும் அதே வருடம்தான் திண்ணையை எடுத்தாராம், அதே கொத்தனார். ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதி எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.